பந்தைத் தொட்டாலும் சிவப்பு தான்!



இன்டர்-டிபார்ட்மென்ட் ஃபுட்பால் நடக்கிற வாரத்துல, எந்த காலேஜ் கிரவுண்டுக்குப் போனாலும் ஒரு வசனம் கண்டிப்பா காதில் விழும். "சார், நான் பந்தைத் தான் சார் தொட்டேன்!" கீழே ஒருத்தன் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உருளுவான், மேலே இவன் ரெஃப்ரி முன்னாடி நின்னு ரெண்டு கையையும் விரிச்சு பந்தை வட்டமா காட்டுவான். வெளியே நிக்கிற பாதிப் பேர் "கரெக்ட் தானே, பந்துல தானே பட்டுச்சு"னு கத்துவாங்க.

இந்த வசனம் விதிப்படி செல்லுமா? செல்லாது. பந்தைத் தொட்டதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு டேக்கிள் நியாயமானதா ஆகிடாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல இருக்கிற கோடு எங்கேன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அந்த அட்டை அடுத்த மேட்ச் வரைக்கும் எப்படித் துரத்திக்கிட்டு வருதுங்கிற கணக்கையும் பார்த்துடலாம். ரெண்டும் இந்த இதழ்ல.

மூணு படிக்கட்டு

கால்பந்து விதிப் புத்தகத்துல மொத்தம் 17 விதிகள். ஃபவுல், அட்டை எல்லாம் 12-வது விதியில வருது. இந்த விதிகளை எழுதுறது ஃபிஃபா மட்டும் இல்ல, ஐ.எஃப்.ஏ.பி.ங்கிற தனி அமைப்பு. மும்பையில நடக்கிற ஐ.எஸ்.எல். மேட்சுக்கும், மம்சாபுரத்துல பசங்க சேர்ந்து நடத்துற டோர்னமெண்டுக்கும் அடிப்படை அதே 12-வது விதி தான்.

எதிராளி மேல போற ஒரு டேக்கிளை அந்த விதி மூணு படியா பிரிக்குது.

முதல் படி, கவனக்குறைவு. பந்தைப் பார்த்து ஓடினீங்க, பக்கத்துல வந்தவனைக் கவனிக்கல, கால் தட்டி அவன் விழுந்துட்டான். இது ஃபவுல், ஃப்ரீ கிக் உண்டு. அட்டை கிடையாது.

ரெண்டாவது படி, பொறுப்பில்லாத ஆட்டம். இப்படிப் போனா அவனுக்கு அடிபடலாம்னு தெரியுது, தெரிஞ்சும் "பரவாயில்லை"னு போறீங்க. ஆபத்தைப் பத்தின அலட்சியம் தான் இங்கே குற்றம். இதுக்கு மஞ்சள் அட்டை.

மூணாவது படி, அளவுக்கு மீறின வேகம் அல்லது பலம். பந்தை எடுக்க எவ்வளவு பலம் தேவையோ அதைத் தாண்டிட்டீங்க, இல்லேன்னா எதிராளியோட உடம்பையே ஆபத்துல தள்ளிட்டீங்க. இதுக்குப் பேர் தான் 'சீரியஸ் ஃபவுல் ப்ளே'. நேரடியா சிவப்பு. நடுவுல மஞ்சள் எல்லாம் கிடையாது.

இப்போ ஒன்னு கவனிங்க. இந்த மூணு படியில எங்கேயாவது "பந்தைத் தொட்டானா"ங்கிற கேள்வி வருதா? வரல. "வேணும்னே பண்ணானா"ங்கிற கேள்வியும் வரல. மனசுக்குள்ள என்ன நினைச்சான்னு ரெஃப்ரி தேட வேண்டியதில்லை. கால் எப்படிப் போச்சு, எங்கே பட்டுச்சு, அதனால என்ன ஆகியிருக்கலாம், இது தான் விஷயம். அடிபட்டே ஆகணும்னும் இல்லை. எதிராளி எழுந்து நடந்துட்டாலும், அந்த டேக்கிள் அவனை ஆபத்துல தள்ளினது உண்மைன்னா சிவப்பு சிவப்பு தான்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இருக்கு: "பின்னாடி இருந்து வந்தா தான் சிவப்பு." இதுவும் தப்பு. முன்னாடி, பக்கவாட்டு, பின்னாடி, எந்தத் திசையா இருந்தாலும், ஒத்தைக் காலா இருந்தாலும் ரெண்டு காலா இருந்தாலும், அளவு மீறிப் பாய்ஞ்சா குற்றம் ஒன்னு தான்னு விதியே தெளிவா சொல்லுது.

ரெஃப்ரி ஒரு நொடியில என்ன பார்க்கிறார்?

"அளவுக்கு மீறின பலம்"னா என்ன அளவு? நியூட்டன் கணக்குல யாரும் அளக்கப் போறதில்லை. ஆனா நல்ல ரெஃப்ரிங்க சில அடையாளங்களை வெச்சிருக்காங்க.

முதல்ல தூரமும் வேகமும். ரெண்டு அடி தூரத்துல இருந்து கால் நீட்டுறது வேற, பத்து அடி ஓடி வந்து பாயுறது வேற. ஓடி வந்த உடம்போட மொத்த வேகமும் அந்தக் காலுக்குப் பின்னாடி வருது. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் தான்: வேகம் ரெண்டு மடங்கானா இயக்க ஆற்றல் நாலு மடங்கு.

அடுத்து, கட்டுப்பாடு. ரெண்டு காலும் தரையை விட்டு எழும்பிடுச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க நினைச்சாலும் நிறுத்த முடியாது. திசையும் மாத்த முடியாது. அதனால தான் காத்துல பாயுற டேக்கிளைப் பார்த்ததும் ரெஃப்ரி கை பாக்கெட்டுக்குப் போகுது.

மூணாவது, எது பட்டுச்சு, எங்கே பட்டுச்சு. ஷூவோட அடிப்பக்கத்துல ஸ்டட் இருக்கும். பாதத்தை மடக்கி, பக்கவாட்டுல தட்டினா ஒரு மாதிரி. முழங்காலை நேரா விறைச்சு, ஸ்டட்டைக் காட்டிக்கிட்டே போனா வேற மாதிரி. விறைச்ச கால் ஒரு கம்பி மாதிரி. அடியை வாங்கி உள்ளே இழுத்துக்காது, அப்படியே எதிராளிக்குக் கடத்தும். அது எதிராளியோட பாதத்துல பட்டா ஒரு விஷயம். கணுக்காலுக்கு மேல, முன்னங்கால் எலும்புல பட்டா வேற விஷயம்.

நாலாவது, எதிராளியோட கால் எந்த நிலையில இருந்துச்சு. கால் காத்துல இருந்தா தட்டினதும் விலகிப் போயிடும். அதே கால் தரையில ஊனி, உடம்பு எடை மொத்தமும் அதுமேல நிக்கும்போது அடி விழுந்தா, விலக இடமே இல்லை. மூட்டும் எலும்பும் தான் அதைத் தாங்கணும். மழை இல்லாத மாசத்துல காய்ஞ்சு இறுகிப் போன மண் கிரவுண்டுல ஆடுறவங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும்.

இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தா "பந்தைத் தொட்டேன்"ங்கிற வாதம் ஏன் நிக்கலைன்னு தெரியும். பந்தோட விளிம்பைத் தொட்டுட்டு, அதே வேகத்துல விறைச்ச காலோட எதிராளியோட முன்னங்கால்ல இறங்கினா, பந்து பட்டதால அந்த எலும்புக்கு எந்த லாபமும் இல்லை.

நெஞ்சுல பட்ட ஸ்டட்

இதுக்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கு. 2010 ஜூலை 11, ஜோஹன்னஸ்பர்க், உலகக் கோப்பை ஃபைனல். ஸ்பெயினும் நெதர்லாந்தும். 28-வது நிமிஷம், ஒரு பந்து உயரமா வருது. ஸ்பெயினோட சாபி அலோன்சோ தலையால எடுக்கப் போறார். நெதர்லாந்தோட நைஜல் டி யோங் காலைத் தூக்கிட்டு வர்றார். அவரோட ஸ்டட் நேரா அலோன்சோவோட நெஞ்சுல இறங்குது.

மேல சொன்ன அடையாளங்களை வெச்சு நீங்களே மார்க் போட்டுப் பாருங்க. கால் தரையில இல்லை. விறைச்சிருக்கு. ஸ்டட் முன்னாடி. பட்ட இடம் நெஞ்சு. சந்தேகமே இல்லாத சீரியஸ் ஃபவுல் ப்ளே. ஆனா ரெஃப்ரி ஹோவர்ட் வெப் காட்டினது மஞ்சள்.

ஏன்? அவரே பின்னாடி விளக்கம் சொல்லியிருக்கார். அந்த நேரத்துல அவருடைய பார்வை சரியாக் கிடைக்கலை. டிவியில பார்த்தப்போ தான் அது சிவப்புன்னு தெரிஞ்சது. அப்போ வி.ஏ.ஆர். கிடையாது. பார்க்காததுக்கு சிவப்பு காட்ட முடியாது இல்லையா?

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. ரெஃப்ரி எங்கே நிக்கிறார்ங்கிறது, விதி தெரியுமாங்கிற அளவுக்கே முக்கியம். நம்ம மேட்சுகள்ல பல தடவை ரெஃப்ரி சென்டர் சர்க்கிள்ல இருந்தே விசில் ஊதுறார். அங்கே இருந்து பார்த்தா ரெண்டு பேர் மோதினது தெரியும். ஸ்டட் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியாது. அந்த ஃபைனல்ல மொத்தம் 14 தடவை மஞ்சள் அட்டை வெளியே வந்துச்சு. கூடுதல் நேரத்துல நெதர்லாந்தோட ஹைட்டிங்கா ரெண்டாவது மஞ்சள் வாங்கி வெளியே போனார். ஸ்பெயின் 1-0 ஜெயிச்சது.

நம்ம சென்னையின் கோச்சும் அந்தத் தலையிடியும்

சீரியஸ் ஃபவுல் ப்ளேயையும் 'வயலன்ட் கான்டக்ட்'டையும் நிறையப் பேர் ஒன்னாக் குழப்பிக்கிறாங்க. ரெண்டுக்கும் சிவப்பு தான், ஆனா குற்றம் வேற.

பந்துக்காகப் போட்டி போடும்போது அளவு மீறினா சீரியஸ் ஃபவுல் ப்ளே. பந்துக்கான போட்டியே இல்லாத இடத்துல அடிச்சா வயலன்ட் கான்டக்ட்.

2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை ஃபைனல். 110-வது நிமிஷம் ஜினடின் ஜிடேன் இத்தாலியோட மார்கோ மாட்டராஸி நெஞ்சுல தலையால முட்டினார். பந்து அங்கே இல்லவே இல்லை. அதனால இது வயலன்ட் கான்டக்ட். ரெஃப்ரி ஹொராசியோ எலிசோன்டோ சிவப்பு காட்டினார். ஜிடேனோட கடைசி மேட்ச் அத்தோட முடிஞ்சது. அந்த மாட்டராஸி தான் பிற்பாடு நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு கோச்சா வந்து, 2015-ல ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கதையோட மீதி இன்னும் முக்கியம். விசாரணைக்கு அப்புறம் ஃபிஃபா ஜிடேனுக்கு 3 மேட்ச் தடை போட்டது. முட்டு வாங்கின மாட்டராஸிக்கும் 2 மேட்ச் தடை! வாய் விட்டுச் சீண்டினதுக்காக. மேட்ச்ல அவருக்கு அந்தச் சம்பவத்துக்கு எந்த அட்டையும் இல்லை. ஆக, கிரவுண்டுல காட்டுற அட்டை ஒரு பக்கம். அப்புறம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு போடுற தண்டனை வேற பக்கம். முதலாவது ரெஃப்ரி கையில, ரெண்டாவது போட்டியை நடத்துறவங்க கையில.

வயலன்ட் கான்டக்ட்ல இன்னொரு நுணுக்கம். அடி பட்டே ஆகணும்னு இல்லை. ஓங்கிக் குத்த வந்து குறி தவறினாலும் சிவப்பு தான். "படவே இல்லையே சார்"னு சொல்றது இங்கே எடுபடாது. எதிராளி மேல தான்னும் இல்லை. சொந்த டீம்மேட்டை அடிச்சாலும், பார்வையாளரை அடிச்சாலும் அதே சிவப்பு.

ஏழு சிவப்பு விழுந்த ராத்திரி

இப்போ நம்ம நாட்டுக் கதை. 2023 டிசம்பர் 20, மும்பை ஃபுட்பால் அரினா. மும்பை சிட்டியும் மோகன் பகானும். ரெஃப்ரி ராகுல் குமார் குப்தா. ஐ.எஸ்.எல்.லோட வரலாற்றுல யாரும் மறக்காத மேட்ச்.

13-வது நிமிஷத்துலயே மும்பையோட ஆகாஷ் மிஷ்ரா, மன்வீர் சிங் மேல போட்ட டேக்கிளுக்கு நேரடி சிவப்பு வாங்கினார். மோகன் பகான் பக்கம் ஆஷிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ. மும்பையில இன்னொருத்தர், கிரெக் ஸ்டீவர்ட். மேட்ச் முடியும்போது கிரவுண்டுல ஒன்பதுக்கு ஒன்பது. மும்பை 2-1 ஜெயிச்சது.

சரி, நாலு சிவப்பு தானே ஆச்சு? மீதி மூணு ஃபைனல் விசிலுக்கு அப்புறம். ரெண்டு டீமும் மோதிக்கிட்டதுல மும்பையோட ராகுல் பேக்கே, விக்ரம் பிரதாப் சிங், மோகன் பகானோட ஹெக்டர் யூஸ்தே மூணு பேருக்கும் சிவப்பு.

"மேட்ச் முடிஞ்சப்புறம் எப்படி அட்டை காட்டலாம்?"னு அன்னைக்கு நிறையப் பேர் கேட்டாங்க. காட்டலாம். ஆட்டம் தொடங்க ரெஃப்ரி கிரவுண்டுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து, ஆட்டம் முடிஞ்சு அவர் கிரவுண்டை விட்டு வெளியே போற வரைக்கும் அட்டை காட்டுற அதிகாரம் அவருக்கு உண்டு. இடைவேளையும் இதுல அடங்கும். விசில் ஆட்டத்தை முடிக்கும், அதிகாரத்தை முடிக்காது.

இதை ஒரு கணக்காப் பாருங்க. ஒரு டீம்ல 7 பேருக்குக் கீழே போனா ஆட்டத்தைத் தொடர முடியாது. மும்பைக்கு அன்னைக்கு விழுந்தது 4 சிவப்பு. நாலும் ஆட்டத்துக்குள்ளேயே விழுந்திருந்தா சரியா 7 பேர் தான் மிச்சம். இன்னும் ஒன்னு விழுந்தா மேட்சே காலி.

ஆனா விசிலுக்கு அப்புறம் விழுந்த சிவப்புக்கு என்ன விலை? ஸ்கோர் மாறாது, ஆள் குறையாது. அடுத்த மேட்ச்ல தான் வலிக்கும். சிவப்பு வாங்கினா அடுத்த மேட்ச் தானாவே தடை. மோகன் பகான் மூணு நாள்ல, டிசம்பர் 23-ம் தேதி, எஃப்.சி. கோவாவை எதிர்த்து ஆடணும். ராய், கொலாசோ, யூஸ்தே மூணு பேரும் கிடையாது. அந்த மேட்ச்ல மோகன் பகான் 1-4 தோத்தது. தோல்விக்கு அது ஒன்னு தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு லைன்-அப்ல இருந்து மூணு பேரை உருவிட்டு, மூணு நாள்ல அதைச் சரிகட்டுறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு டீமைக் கட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

சின்ன மஞ்சள், பெரிய இழப்பு

சிவப்போட கதை இப்படின்னா, மஞ்சளோட கதை வட்டி மாதிரி. ஒவ்வொன்னும் சின்னது. சேர்ந்தா ஒரு நாள் கதவைத் தட்டும்.

எத்தனை மஞ்சள் சேர்ந்தா தடைங்கிறது 12-வது விதியில இல்லை. அது ஒவ்வொரு போட்டியும் தனியா எழுதிக்கிற விதி. இங்கிலாந்து பிரீமியர் லீக்ல முதல் 19 மேட்சுக்குள்ள 5 மஞ்சள் வாங்கினா ஒரு மேட்ச் தடை. 32 மேட்சுக்குள்ள 10 வாங்கினா ரெண்டு மேட்ச். நம்ம ஐ.எஸ்.எல்.ல நாலாவது மஞ்சளுக்கு ஒரு மேட்ச். உலகக் கோப்பை மாதிரி குறைஞ்ச மேட்ச் உள்ள போட்டியில ரெண்டு மஞ்சளே போதும். காரணம் எளிது: 38 மேட்ச் ஆடுறவனுக்கும் 8 மேட்ச் ஆடுறவனுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

2002 உலகக் கோப்பை செமி ஃபைனல், சியோல். ஜெர்மனி எதிர் தென் கொரியா. கொரியா வேகமா அட்டாக் வருது. ஜெர்மனியோட மிஷேல் பாலாக் ஓடிப்போய் ஃபவுல் பண்ணி அதை நிறுத்தினார். மஞ்சள். அவர் கணக்குல ஏற்கெனவே ஒன்னு இருந்ததால, ஃபைனல் போச்சுன்னு அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். சில நிமிஷத்துல அவரே கோல் போட்டு டீமை ஃபைனலுக்கு அனுப்பினார். ஃபைனல்ல அவர் வெளியே உட்கார்ந்து பார்த்தார். பிரேசில் 2-0 ஜெயிச்சது.

இந்த மாதிரி வலி வேண்டாம்னு தான் 2010 உலகக் கோப்பையில ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க. கால் இறுதி முடிஞ்சதும் ஒத்தை மஞ்சள் எல்லாம் அழிஞ்சிடும். அதனால செமி ஃபைனல்ல வாங்குற மஞ்சளால மட்டும் யாரும் ஃபைனலை இழக்க மாட்டாங்க. ஆனா கால் இறுதியிலேயே ரெண்டாவது மஞ்சள் வாங்கிட்டா? தடை உறுதி, செமி ஃபைனல் போச்சு.

2014-ல பிரேசில் கேப்டன் தியாகோ சில்வாவுக்கு நடந்தது அதுதான். கொலம்பியாவோட கால் இறுதி. கோல் கீப்பர் பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே நின்னு தடுத்தார். யாருக்கும் அடியும் இல்லை, கோலும் இல்லை. ஆனா விதிப்படி மஞ்சள். அது அவருக்கு ரெண்டாவது. அடுத்த செமி ஃபைனல்ல அவர் இல்லாத டிஃபென்ஸோட பிரேசில் ஜெர்மனிகிட்ட 1-7 தோத்தது.

எலும்பு முறியுற டேக்கிளுக்கும், கீப்பர் முன்னாடி நிக்கிறதுக்கும், ரெஃப்ரிகிட்ட வாக்குவாதம் பண்றதுக்கும், ஃப்ரீ கிக் எடுக்க விடாம பந்தைத் தள்ளி விடுறதுக்கும், கோல் போட்டு ஜெர்சியைக் கழட்டுறதுக்கும் ஒரே எடை கிடையாது. ஆனா கடைசி நாலும் ஒரே மஞ்சள். எண்ணும்போது அது எதுக்கு வந்ததுன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

"கார்டைக் கழிச்சிடலாம்"னு ஒரு ஐடியா

இதைப் படிக்கிற இன்ஜினியரிங் மூளைக்கு உடனே ஒன்னு தோணும். "பெரிய மேட்சுக்கு முன்னாடி, வேணும்னே ஒரு மஞ்சள் வாங்கி, சின்ன மேட்ச்ல தடையைக் கழிச்சிட்டா?"

ரியல் மாட்ரிட் கேப்டன் செர்ஜியோ ராமோஸுக்கும் தோணுச்சு. 2019 பிப்ரவரி, சாம்பியன்ஸ் லீக், அயாக்ஸ் கூட முதல் லெக். மாட்ரிட் 2-1 முன்னிலை. கடைசி நிமிஷங்கள்ல ராமோஸ் ஒரு மஞ்சள் வாங்கினார். ரெண்டாவது லெக்குக்குத் தடை, அதோட கணக்கு சுத்தம், கால் இறுதிக்கு ஃப்ரெஷ்ஷா வரலாம். மேட்ச் முடிஞ்சதும் அதை வேணும்னே வாங்கினதா அர்த்தம் வர்ற மாதிரி பேட்டியும் கொடுத்துட்டார். யுஇஎஃப்ஏ விசாரிச்சு தடையை ரெண்டு மேட்சா ஆக்கிடுச்சு. அவர் இல்லாத ரெண்டாவது லெக்ல மாட்ரிட் சொந்த மைதானத்துல 1-4 தோத்து வெளியேறிடுச்சு. வரப்போற கால் இறுதிக்காகச் சேமிச்ச ஆள், கால் இறுதியே இல்லாம நின்னார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கற்பனையா ஒரு டோர்னமெண்ட். விதி: வேற வேற மேட்ச்ல ரெண்டு மஞ்சள் சேர்ந்தா அடுத்த மேட்ச் தடை, சிவப்புக்குக் குறைஞ்சது ஒரு மேட்ச் தடை. மெக்கானிக்கல் டீம்ல மூணு பேர்: லெஃப்ட் பேக், மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர்.

லெஃப்ட் பேக் முதல் மேட்ச்ல ஒரு மஞ்சள். ரெண்டாவது மேட்ச்ல ஒரு மஞ்சள். மூணாவது மேட்ச் ஆட முடியாது. தடையை முடிச்சதும் கணக்கு பூஜ்யம். இது எல்லாருக்கும் தெரிஞ்சது.

மிட்ஃபீல்டர் முதல் மேட்ச்லயே ரெண்டு மஞ்சள் வாங்கி சிவப்பு. ரெண்டாவது மேட்ச் தடை. மூணாவது மேட்ச்ல ஒரு மஞ்சள் வாங்குறார். நாலாவது மேட்ச் ஆடலாமா? ஆடலாம். முதல் மேட்ச்ல வாங்கின ரெண்டு மஞ்சளும் சிவப்பா மாறிடுச்சு. அதுக்கான தண்டனையும் முடிஞ்சது. அதைத் திரும்ப எண்ணினா ஒரே குற்றத்துக்கு ரெண்டு தண்டனை ஆகிடும். இப்போ அவர் கணக்குல இருக்கிறது ஒரே மஞ்சள்.

ஸ்ட்ரைக்கர் முதல் மேட்ச்ல வாக்குவாதத்துக்கு ஒரு மஞ்சள். அதே மேட்ச்ல அப்புறம் ஸ்டட்டைக் காட்டிப் பாய்ஞ்சு நேரடி சிவப்பு. ரெண்டாவது மேட்ச் தடை. மூணாவது மேட்ச்ல ஒரு மஞ்சள். நாலாவது மேட்ச் ஆடலாமா? முடியாது! இங்கே தான் நிறைய ஆர்கனைஸர்ஸ் தப்பு பண்றாங்க. சிவப்பு வந்தது வேற குற்றத்துக்கு. அதனால முதல் மேட்ச் மஞ்சள் அழியலை, அப்படியே கணக்குல நிக்குது. அது ஒன்னு, மூணாவது மேட்ச்ல ஒன்னு, மொத்தம் ரெண்டு. ஃபிஃபாவோட ஒழுங்கு விதிகளும் இந்த முறையைத் தான் பின்பற்றுது.

அதனால ஸ்கோர் ஷீட்ல வெறும் "சிவப்பு"ன்னு எழுதினா போதாது. அது ரெண்டாவது மஞ்சளா, நேரடி சிவப்பான்னு எழுதணும். நேரடின்னா எந்தக் குற்றம்னும் எழுதணும். ஏன்னா தண்டனையோட நீளம் அதை வெச்சுத் தான். ரெண்டாவது மஞ்சளுக்கும், கோல் வாய்ப்பை ஃபவுல் பண்ணிக் கெடுத்ததுக்கும் வழக்கமா ஒரு மேட்ச். பிரீமியர் லீக்ல சீரியஸ் ஃபவுல் ப்ளேவுக்கு 3 மேட்ச். ரெஃப்ரி மேல கை வெச்சா ஃபிஃபா விதிப்படி குறைஞ்சது 15 மேட்ச்.

டோர்னமெண்ட் நடத்தப் போறீங்களா?

அப்போ ஃபிக்ஸ்சர் போடுற அன்னைக்கே ஒரு பக்கத்துல மூணு விஷயம் எழுதி எல்லா கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. எத்தனை மஞ்சளுக்குத் தடை? எந்த ரவுண்டுக்கு அப்புறம் ஒத்தை மஞ்சள் அழியும்? நேரடி சிவப்புல எந்தக் குற்றத்துக்கு எத்தனை மேட்ச், அதை முடிவு பண்றது யார்? நாலு டீம் மட்டும் ஆடுற நாக் அவுட்டா இருந்தா மஞ்சள் எண்ணிக்கையே வேண்டாம். ஒரு டீம் அதிகபட்சம் ரெண்டு மேட்ச் தான் ஆடப் போகுது. எட்டு டீம் லீக்னா ரெண்டு மஞ்சள் கடுமை, மூணு வைக்கலாம்.

இதை முன்னாடியே எழுதாம விட்டா, செமி ஃபைனல் அன்னைக்குக் காலையில "அவன் ஆடக் கூடாது"னு ஒரு டீம் வரும், "எங்கே எழுதியிருக்கு?"ன்னு இன்னொரு டீம் கேட்கும். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். அப்புறம் பி.இ.டி. சார் தான் நடுவுல மாட்டுவார்.

ஆடுறவங்களுக்கு ஒன்னே ஒன்னு. அடுத்த தடவை ஸ்லைடு போகும்போது பந்து எங்கே இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க. பந்தைத் தாண்டி உங்க கால் எங்கே போய் நிக்கும்னு பாருங்க. ரெஃப்ரி பார்க்கிறது அதைத் தான்.